மாத நிலவரப் பலகை: மானேஜருக்கு ஒரு கோரிக்கை எழுதும் முறை

கணினியில் கணக்கு வைத்திருக்கும் நெசவாளர் சங்கங்கள் பலவற்றில் மாதந்தோறும் 'டாஷ்போர்டு' என்னும் தாள் ஒன்று தயாராகிறது. இதை நாம் நிலவரப் பலகை என்று அழைப்போம். விற்பனை எவ்வளவு, விற்காமல் இருக்கும் துணி எவ்வளவு, நூல் இருப்பு எந்த நம்பரில் எத்தனை கிலோ, கூலியாகக் கொடுத்தது எவ்வளவு என்பவை ஒரே தாளில் கட்டங்களாகவும் கோடுகளாகவும் காட்டப்படும். நிர்வாகக் குழு கூடும்போது இத்தாளைப் பார்த்தே நூலுக்கு ஆர்டர் கொடுக்கிறது. எந்த ரகத்தைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்பதையும் முடிவு செய்கிறது.

இத்தாளை ஒவ்வொரு மாதமும் புதிய எண்களால் நிரப்பும் வேலை பெரும்பாலும் ஒரு குமாஸ்தாவின் தலையில் விழுகிறது. அவ்வேலையைக் கணினியே செய்யும்படி அமைக்கலாம். அதற்கு மானேஜரின் அனுமதியும் சிறு தொகையும் வேண்டும். அவற்றைக் கேட்டு எழுதும் கோரிக்கை எப்படி இருத்தல் வேண்டும் என்பதே இம்மாதப் பாடம். எழுதுவோருக்கு மட்டுமன்றி, அத்தகைய கோரிக்கை குழுவின் முன் வரும்போது அதை நிறுத்துப் பார்க்க வேண்டிய அங்கத்தினர்களுக்கும் இது பயன்படும்.

பாடத்திற்காக ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக நாம் வைத்துக்கொண்ட உதாரணங்கள். ஒவ்வொரு சங்கமும் தன் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

இப்போது வேலை நடக்கும் விதம்

நமது உதாரணச் சங்கத்திற்கு இரண்டு விற்பனை நிலையங்கள் உண்டு. அவை மாத விற்பனையைத் தனித்தனி எக்ஸல் கோப்பாக அனுப்புகின்றன. நூல் கிடங்கிலிருந்து வரவு, வழங்கல், இருப்பு அடங்கிய ஒரு கோப்பு வருகிறது. துணி வரவும் கூலியும் அடங்கிய கோப்பு அலுவலகத்திலேயே இருக்கிறது. ஆக மொத்தம் நான்கு கோப்புகள்.

குமாஸ்தா இந்த நான்கையும் திறந்து, வேண்டிய வரிசைகளைப் பிரதி எடுத்து, ஒரே கோப்பில் ஒட்டி, கூட்டி, படங்களைச் சரிசெய்கிறார். இதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்டால், "இரண்டு நாள் போய்விடும்" என்பார். இப்பேச்சை அப்படியே கோரிக்கையில் எழுதுதல் கூடாது. முதலில் இரண்டு மாதங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் ஆன நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவருதல் வேண்டும். நமது சங்கத்தில் அவ்வாறு குறித்தபோது கிடைத்தது இது: கோப்புகளைக் கேட்டு வாங்க 3 மணி, ஒன்றாக ஒட்ட 5 மணி, பெயர்களையும் கூட்டுத்தொகைகளையும் சரிபார்க்க 4 மணி, தாளை அழகுபடுத்தி அச்செடுக்க 2 மணி, ஆக 14 மணி.

அதே நோட்டில் இன்னொன்றையும் எழுதி வருதல் வேண்டும். ஒட்டும்போது குமாஸ்தா தம் கையால் திருத்தியவை எவை என்பதே அது. இது ஏன் முக்கியம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

மணிக்கணக்கு மட்டும் போதுமா?

இத்தகைய கோரிக்கையை எழுதுவோர் பெரும்பாலும் மிச்சமாகும் மணிகளைக் காட்டியே அனுமதி கேட்கிறார்கள். அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குமாஸ்தாவின் மாதச் சம்பளம் 18,000 ரூபாய்; மாதத்தில் 200 மணி வேலை. எனவே ஒரு மணிக்கு 90 ரூபாய். கணினியே எண்களைச் சேர்க்கத் தொடங்கினாலும் வேலை முழுவதும் போய்விடாது. கோப்புகளைக் கேட்டு வாங்குவதற்கும், சரிபார்ப்பதற்கும், குறிப்பு எழுதுவதற்கும் 4 மணி வேண்டும். மிச்சம் 10 மணி. மாதத்திற்கு 900 ரூபாய், ஆண்டுக்கு 10,800 ரூபாய்.

ஆனால் இந்த 10,800 ரூபாய் சங்கத்தின் பெட்டியில் வந்து விழுவதில்லை. குமாஸ்தாவின் சம்பளம் குறையப் போவதில்லை, குறையவும் கூடாது. அவருக்கு வேறு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது, அவ்வளவே. அனுபவமுள்ள மானேஜர் இதை உடனே கண்டுகொள்வார். "பணம் மிச்சமாகும்" என்று தொடங்கும் கோரிக்கை அந்த இடத்திலேயே தன் மதிப்பை இழந்துவிடும்.

அப்படியானால் உண்மையான ஆதாயம் எங்கே இருக்கிறது? தேதியில் இருக்கிறது.

நமது சங்கத்தில் நிர்வாகக் குழு மாதம் 6ஆம் தேதி கூடுகிறது. கோப்புகள் 3ஆம் தேதிக்குள் வந்துவிடுகின்றன. ஆனால் கூலிப் பட்டுவாடாவும் அதே நாட்களில் வருவதால், குமாஸ்தாவின் 14 மணி வேலை 9ஆம் தேதிதான் முடிகிறது. ஆகவே ஜூன் 6ஆம் தேதி கூடும் குழுவின் கையில் மே மாத இறுதி நிலவரம் இருப்பதில்லை. ஏப்ரல் இறுதி நிலவரமே இருக்கிறது. இதனால் என்ன நேரும் என்று பார்ப்போம்.

ஏப்ரல் இறுதியில் 2/40 நம்பர் நூல் 150 கிலோ இருந்தது. மாதம் 240 கிலோ செலவாகிவந்தது. மே மாதத்தில் 240 கிலோ வர வேண்டியிருந்தது. எனவே மே இறுதியிலும் 150 கிலோவே இருக்கும் என்று குழு எண்ணியது. 2/60 நம்பர் நூல் ஏப்ரல் இறுதியில் 200 கிலோ. மாதச் செலவு 80 கிலோ. எனவே மே இறுதியில் 120 கிலோ இருக்கும் என்றும், அந்த நூலுக்கு இப்போது அவசரமில்லை என்றும் கருதியது. 2/40 நூலில் மேலும் 300 கிலோவுக்கு ஆர்டர் போயிற்று.

மே மாதத்தில் நடந்ததோ வேறு. 2/40 நூலில் நெய்யும் ரகத்தின் விற்பனை தளர்ந்தது. அந்த நூல் 90 கிலோதான் வழங்கப்பட்டது. 2/60 நூலில் நெய்யும் ரகத்திற்குக் கேள்வி கூடியது. 170 கிலோ வழங்கப்பட்டது. எனவே மே இறுதியில் உண்மை இருப்பு 2/40இல் 300 கிலோ. 2/60இல் வெறும் 30 கிலோ.

விளைவை எண்ணிப் பாருங்கள். மாதத்திற்கு 25 வேலை நாள் என்று கொண்டால், 2/60 நூல் நாளொன்றுக்கு ஏழு கிலோ அளவில் போகிறது. 30 கிலோ ஐந்து நாளும் தாங்காது. புதிய ஆர்டர் கொடுத்து நூல் வந்து சேரும்வரை அந்த ரகம் நெய்யும் அங்கத்தினர்களுக்குப் பாவும் இல்லை, ஊடையும் இல்லை, கூலியும் இல்லை. மறுபக்கம், வேண்டாத 300 கிலோ 2/40 நூல், கிலோ 400 ரூபாய் வீதம் 1,20,000 ரூபாயைக் கிடங்கில் முடக்கிவிடுகிறது. அத்தொகை மத்தியக் கூட்டுறவு வங்கியில் வாங்கிய காசுக்கடனாயின், வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொண்டால், மாதம் 1,000 ரூபாய் வீணே போகும். முன்னரே இருக்கும் 300 கிலோ தீரவே மூன்று மாதத்திற்கு மேல் ஆகும் என்பதையும் கருதுக.

இவ்வளவுக்கும் யாரும் கணக்கில் தவறு செய்யவில்லை. ஏப்ரல் எண்கள் யாவும் சரியானவையே. அவை மூன்று நாள் தாமதமாக வரும் தாளின் முன்னோடிகள் என்பதே குற்றம். எனவே கோரிக்கையின் முதல் வாக்கியம், "நிலவரப் பலகை 9ஆம் தேதிக்குப் பதிலாக 4ஆம் தேதி, குழு கூடுமுன் கிடைக்கும்" என்பதாக இருத்தல் வேண்டும். மிச்சமாகும் மணிகளை இரண்டாவதாகச் சொன்னால் போதும்.

குழுவின் கூட்டத்தை 10ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தால் செலவே இல்லையே என்று மானேஜர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நூல் ஆர்டர் அதனால் நான்கு நாள் பிந்தும். அதைத் தாங்கும் சங்கம் அவ்வாறே செய்துவிட்டுப் போகலாம். இம்மாற்று வழியையும் கோரிக்கையில் நாமே எழுதி, அது ஏன் நமக்குப் போதாது என்று காட்டுதல் நன்று.

எந்தக் கருவி, எவ்வளவு வேலை

இதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. 2016 முதல் வந்துள்ள எக்ஸலில் பவர் குவெரி என்னும் பகுதி உள்ளேயே அமைந்திருக்கிறது. செய்யும் முறை சுருக்கமாக இதுதான். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஒரு போல்டர் வைத்துக்கொள்வது. எக்ஸலில் `Data` என்ற பகுதியில் `Get Data`, `From File`, `From Folder` என்று வரிசையாகத் தொட்டு, அந்தப் போல்டரைக் காட்டுவது. அதிலுள்ள கோப்புகளை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்க்கும்படியும், வேண்டாத வரிசைகளை நீக்கும்படியும், தேதிகளைப் படிக்கும்படியும் ஒரு முறை சொல்லிவைப்பது. அப்படிகளைக் கணினி நினைவில் வைத்துக்கொள்கிறது. அடுத்த மாதம் புதிய கோப்பைப் போல்டரில் போட்டு `Refresh All` என்பதைத் தொட்டால், அதே படிகள் புதிய எண்களின்மேல் மறுபடி நடக்கும்.

ஆள் தொடாமலே இரவில் புதுப்பித்துக்கொள்ளும் பெரிய ஏற்பாடுகளும் உண்டு. அவற்றுக்குத் தொடர்ந்து கட்டணம் செலுத்த வேண்டும். மாதம் ஒரு முறை பார்க்கும் தாளுக்கு அவை வேண்டியதில்லை. யாரேனும் ஒருவர் கண்ணால் பார்த்துக்கொண்டே தொடுவது நமக்கு நன்மையும்கூட. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறோம்.

கைவேலையில் மறைந்திருக்கும் திருத்தங்கள்

குமாஸ்தா கையால் திருத்தியவற்றை நோட்டில் எழுதச் சொன்னோம் அல்லவா? அதில் முதலில் வந்தது நூல் நம்பரைப் பற்றியது. கிடங்கில் இருப்பவர் எக்ஸலில் `2/40` என்று அடிக்கிறார். எக்ஸல் அதை நூல் நம்பர் என்று அறியாது. ஏதோ தேதி என்று எண்ணி, 1940ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதியாக மாற்றி, `Feb-40` என்று காட்டுகிறது. குமாஸ்தா ஒட்டும்போது இதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே 2/40 என்று திருத்திவிடுவார். மாதந்தோறும் திருத்திப் பழகியதால் இதை ஒரு வேலையாகவே அவர் எண்ணுவதில்லை. கேட்டால் சொல்லவும் மாட்டார்.

கணினி சிரிக்காது; திருத்தவும் செய்யாது. சில வரிகளில் 2/40 என்றும், சில வரிகளில் 1940ஆம் ஆண்டுத் தேதியாகவும் இருந்தால், அவற்றை இரு வேறு நூல்களாகவே கூட்டும். பலகையில் 2/40 நூலின் இருப்பு குறைவாகத் தெரியும். தாள் மட்டும் மிக ஒழுங்காக இருக்கும். அதை நம்பிக் குழு மறுபடியும் வேண்டாத நூலுக்கு ஆர்டர் கொடுக்கும். இதற்குச் சரியான மருந்து, கிடங்குக் கோப்பில் அந்த வரிசையை எண்களை அடிப்பதற்கு முன்னரே `Text` என்ற வகைக்கு மாற்றி வைப்பது. அடித்த பிறகு மாற்றினால், பழைய தேதி 14642 என்னும் வெற்று எண்ணாக மாறி நிற்குமே தவிர, 2/40 திரும்பி வராது.

இரண்டாவது திருத்தம் ரகங்களின் பெயர்கள். ஒரே துண்டு ஒரு நிலையத்தில் ஒரு விதமாகவும், மற்றதில் வேறு விதமாகவும் எழுதப்படுகிறது. இதற்கு ஒரு பெயர்ப் பட்டியல் தனித்தாளில் வைத்து, இன்ன பெயரெல்லாம் இன்ன ரகம் என்று எழுதிவைக்கலாம். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் அந்த வரியைக் கணினி மறைத்துவிடாமல் 'பெயர் தெரியாதவை' என்று தனியே எடுத்துக்காட்டும்படி அமைத்தல் வேண்டும். மறைந்த வரி, குறைந்த விற்பனையாகத் தோன்றும்.

மூன்றாவது தேதிகள். நாம் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் எழுதுகிறோம். அமெரிக்க முறையில் அமைந்த கணினியோ மாதத்தை முதலில் படிக்கிறது. 05/06 என்பது நமக்கு ஜூன் 5. அதற்கு மே 6. 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை மட்டும் பிழையென்று தெரியவரும். 12ஆம் தேதி வரையுள்ள விற்பனை சத்தமின்றி வேறு மாதங்களுக்குப் போய்விடும். பவர் குவெரியில் தேதி வரிசையை `Using Locale` வழியாக `English (India)` என்று குறித்துவிட்டால் இது தீரும்.

ஆகவே, கையால் செய்யும் திருத்தங்களின் பட்டியலைக் கோரிக்கையோடு இணைத்தல் வேண்டும். இப்பட்டியல் இல்லாமல் தொடங்கப்படும் ஏற்பாடு முதல் மாதத்தில் அழகாகவும் மூன்றாம் மாதத்தில் பொய்யாகவும் இருக்கும்.

பலகை பொய் சொல்கிறதா என்று அறிவது எப்படி

புதுப்பித்தல் இடையில் தடைபட்டுப் போவதுண்டு. விற்பனை நிலையத்தார் 'அளவு' என்னும் தலைப்பை 'மீட்டர்' என்று மாற்றிவிட்டால், அந்த வரிசையைக் காணவில்லை என்னும் பொருள்பட `The column 'அளவு' of the table wasn't found.` என்று கணினி சொல்லி நின்றுவிடும். அறிவிப்பைக் கவனியாமல் மூடிவிட்டால், பலகையில் சென்ற மாதத்து எண்களே அப்படியே இருக்கும். வெறுமையாக இருந்தால் யாவரும் கவனிப்பர். பழைய எண்கள் நின்றால் எவரும் கவனியார். நாம் விலகிவர எண்ணிய அதே பழைய நிலவரம் இப்போது புதிய தாளில் வந்து நிற்கும்.

இன்னொரு தவறு இதற்கு நேர் எதிரானது. யாரேனும் ஒரு கோப்பை இரண்டு பெயர்களில் போல்டரில் போட்டுவிட்டால், அந்த நிலையத்தின் விற்பனை இரு மடங்காகக் கூடிவிடும்.

இவற்றைத் தடுக்கப் பலகையின் மேற்புறத்தில் நான்கு சோதனைகளை அமைத்தல் வேண்டும். முதலாவது, அந்த மாதத்திற்குப் படிக்கப்பட்ட கோப்புகள் நான்கா? இரண்டாவது, தரவில் உள்ள கடைசித் தேதி அந்த மாதத்தைச் சேர்ந்ததா? மூன்றாவது, ஒவ்வொரு நூல் நம்பருக்கும் ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டி, வழங்கலைக் கழித்தால், கிடங்கு அட்டையிலுள்ள இறுதி இருப்பு வருகிறதா? நமது உதாரணத்தில் 2/40க்கு 150உம் 240உம் கூட்டி 90 கழித்தால் 300 வருதல் வேண்டும். நான்காவது, பலகையின் விற்பனைத் தொகை நாளேட்டின் விற்பனைத் தொகையோடு ஒத்திருக்கிறதா? நாளேட்டுத் தொகையைக் குமாஸ்தா தம் கையாலேயே அடிக்க வேண்டும்; அதையும் கணினி வழியே கொண்டுவந்தால் இரண்டும் ஒரே தவறைச் செய்து ஒத்துப்போகக்கூடும்.

நான்காவது சோதனைக்கான சூத்திரம் இவ்வளவே. B2 என்பது பலகையின் தொகை. B3 என்பது கையால் அடித்த நாளேட்டுத் தொகை.

```
=IF(ABS(B2-B3)<1,"சரி","சரியில்லை")
```

இரண்டுக்கும் ஒரு ரூபாய்க்குக் குறைந்த வேற்றுமையானால் 'சரி' என்று காட்டும்; இல்லாவிடில் 'சரியில்லை' என்று காட்டும். நான்கில் ஒன்று சரியில்லை என்றாலும் அத்தாள் குழுவின் முன் போகக் கூடாது என்னும் விதியைக் கோரிக்கையிலேயே எழுதிவிடுதல் வேண்டும். மானேஜருக்கு நம்பிக்கை பிறப்பது இவ்விடத்தில்தான்.

செலவுக் கணக்கு

சிறு தொகை கேட்கும்போதும் அதைப் பிரித்துக் காட்டுதல் முறை. நமது சங்கத்தின் கணக்கு இது. படிகளை அமைத்துத் தர வெளியாள் ஒருவருக்கு 3 நாள், நாளொன்றுக்கு 2,500 வீதம் 7,500 ரூபாய். கோப்புகளின் பிரதியைப் பாதுகாக்க ஒரு வெளி வன்தட்டு 4,500 ரூபாய். இரு நிலையத்தாரும் கிடங்கு ஊழியரும் ஒரு நாள் வந்து புதிய படிவத்தைப் பழகுவதற்கான பயணப்படி 1,000 ரூபாய். இரண்டு மாதம் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்து நடக்கும்போது, குமாஸ்தாவுக்குக் கூடுதலாகும் 8 மணிக்கு 720 ரூபாய். எதிர்பாராதவற்றுக்கு 1,280 ரூபாய். மொத்தம் 15,000 ரூபாய்.

இதோடு ஆண்டுதோறும் ஒரு நாள் பராமரிப்புக்கு 2,500 ரூபாய் என்பதையும் மறையாமல் எழுதுதல் வேண்டும். படிவம் மாறும், புதிய நிலையம் திறக்கும், அப்போதெல்லாம் படிகளைத் திருத்த வேண்டிவரும். மிச்சமாகும் நேரத்தின் மதிப்பு 10,800இல் இந்த 2,500ஐக் கழித்தால் 8,300. முதற்செலவு 15,000 ஈடாக ஏறத்தாழ 22 மாதங்கள் ஆகும். இதைக் கவர்ச்சியான கணக்கென்று சொல்ல முடியாது. ஆனால் உண்மையானது. வேண்டாத நூல் ஆர்டர் ஒன்றைத் தவிர்த்தாலே மாதம் 1,000 ரூபாய் வட்டி மிச்சமாகும் என்பதைப் பக்கத்தில் எழுதலாம். ஆனால் அதை நிச்சய வருமானமாகக் கூட்டிவிடக் கூடாது.

கோரிக்கையின் மாதிரி

மேலே கண்டவற்றை எல்லாம் மானேஜர் ஒரு பக்கத்தில் படித்து முடிக்கும்படி எழுதுதல் வேண்டும். மாதிரி ஒன்று தருகிறோம்.

"மானேஜர் அவர்களுக்கு, வணக்கம்.

பொருள்: மாத நிலவரப் பலகையை 4ஆம் தேதிக்குள் அளிக்க அனுமதியும் 15,000 ரூபாயும் கோருதல்.

ஐயா, நிலவரப் பலகை இப்போது 9ஆம் தேதி தயாராகிறது. குழு 6ஆம் தேதி கூடுகிறது. எனவே நூல் ஆர்டர், ஒரு மாதத்திற்கு முந்திய இருப்பைக் கொண்டே முடிவாகிறது. சென்ற ஜூன் மாதத்தில் 2/60 நூல் 120 கிலோ இருக்கும் என்று எண்ணியபோது உண்மையில் 30 கிலோ இருந்ததைத் தாங்கள் அறிவீர்கள்.

நம்மிடம் உள்ள எக்ஸலைக் கொண்டே நான்கு கோப்புகளையும் தானே சேர்க்கும்படி அமைக்கலாம். புதிய மென்பொருளோ மாதக் கட்டணமோ வேண்டியதில்லை. என் வேலை 14 மணியிலிருந்து 4 மணியாகக் குறையும். அந்த 10 மணியைப் பாக்கி வசூல் கணக்கை நேர்செய்யப் பயன்படுத்த எண்ணுகிறேன். குழுவின் கூட்டத்தை 10ஆம் தேதிக்கு மாற்றுவதும் ஒரு வழியே. ஆனால் நூல் ஆர்டர் நான்கு நாள் பிந்தும்.

செலவு விவரமும், நான் இப்போது கையால் செய்யும் திருத்தங்களின் பட்டியலும் இணைத்துள்ளேன். ஆண்டுப் பராமரிப்பு 2,500 ரூபாய் ஆகும். அங்கத்தினர்களின் வங்கிக் கணக்கு எண், ஆதார் எண் முதலியவை இந்தப் போல்டர்களில் வைக்கப்படமாட்டா. கூலியின் கூட்டுத்தொகை மட்டுமே எடுக்கப்படும்.

இரண்டு மாதம் பழைய முறையும் புதிய முறையும் ஒன்றாக நடக்கும். இரு தாள்களும் ஒவ்வோர் எண்ணிலும் ஒத்திருந்தாலோ, வேற்றுமைக்குக் காரணம் எழுத்தில் கிடைத்தாலோ மட்டுமே பழையதை நிறுத்துவோம். ஒவ்வாவிடில் மேற்கொண்டு செலவு செய்யாமல் நிறுத்திவிடச் சம்மதிக்கிறேன். நான் விடுப்பில் இருக்கும்போதும் வேலை நடக்கும்படி, செய்முறையை ஒரே பக்கத்தில் எழுதி, மற்றோர் ஊழியருக்கும் கற்றுத்தருவேன்.

தங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

இப்படிக்கு, கணக்குக் குமாஸ்தா."

மாதிரியில் கவனிக்க வேண்டியவை

கேட்கும் தொகையும் கிடைக்கும் தேதியும் முதல் வரியிலேயே வந்துவிட்டன. மிச்சமாகும் நேரம் எந்த வேலைக்குப் போகும் என்று சொல்லியிருப்பதால், பத்து மணி நேரம் வெறும் காற்றில் போகவில்லை. நிறுத்திவிடும் நிபந்தனை எழுதியிருப்பதால், மானேஜர் தம் பொறுப்பில் கையெழுத்திட அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டு மாத ஒப்புநோக்கைப் பற்றி ஒன்று சொல்லுதல் வேண்டும். இரு தாள்களும் ஒவ்வாதபோது புதியதே தவறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கையால் ஒட்டியபோது விட்டுப்போன வரியைக் கணினி கண்டெடுத்திருக்கலாம். எது சரி என்பதை அசல் பில்லையும் கிடங்கு அட்டையையும் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும். கண்டுபிடித்த காரணத்தை அதே நோட்டில் எழுதிவைத்தால், தணிக்கையாளர் கேட்கும் நாளில் பதில் ஆயத்தமாக இருக்கும்.

குழுவில் இருக்கும் அங்கத்தினர்களுக்கு வேலை ஒன்றே. 6ஆம் தேதி தாள் கைக்கு வந்தவுடன், கோடுகளையும் படங்களையும் பார்க்குமுன், மேற்புறத்தில் உள்ள நான்கு 'சரி'களையும் கடைசித் தேதியையும் பார்த்தல் வேண்டும். மே மாதத் தாளில் மே மாத இறுதித் தேதி இருக்கிறதா? இருந்தால் நூலைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். இல்லையென்றால், கிடங்கு அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, அதைப் பார்த்தே ஆர்டர் கொடுத்தல் நலம்.